பி.ஆர். திடீரென்று 84 ஆகிவிட்டது, சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா?

படுவான்கரையான்
வணக்கம் எல்லோருக்கும். வாவிக்கு மேற்கே, வயலுக்கு நடுவில் உள்ள 1 மெகாவாட் சோலார் நிலையமொன்றில் வேலை செய்கிறேன். பேனல் எல்லாம் தெற்குப் பார்த்து 10 பாகை சாய்வு. வெயிலை அளக்க இரண்டு பைரனோமீட்டர் இருக்கின்றன. ஒன்று கம்பத்தின் உச்சியில் கிடையாக வானத்தைப் பார்த்திருக்கிறது. மற்றது பேனல் வரிசையின் ஓரத்தில், பேனலோடு சேர்ந்து அதே சாய்வில் இருக்கிறது. மாத அறிக்கையில் பி.ஆர். கணக்குப் பார்ப்பது இந்த இரண்டாவதை வைத்துத்தான்.

ஏப்ரலில் 78.8, மே 79.1, ஜூன் 79.3. இப்போது ஜூலை பாதி தாண்டியிருக்கிறது, 84 காட்டுகிறது. மேலாளர் வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல் படம் போட்டுவிட்டார். 9ஆந் தேதி பேனல் கழுவினோம், உண்மைதான். ஆனாலும் கழுவினதுக்கு இவ்வளவு ஏறுமா? கச்சான் அடித்து ஊரெல்லாம் புழுதி. எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?

கல்லடிக்காத்து
இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது தம்பி? கச்சான் காற்று பேனலில் படுகிறது, பேனல் குளிர்கிறது. குளிர்ந்த பேனல் கூடத் தரும். அதோடு கழுவியும் இருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து வீதம். கணக்குச் சரி. நாங்கள் கல்லடியில் வீட்டுக் கூரையில் போட்டிருப்பதும் காற்று நாளில் நல்லாத்தான் ஓடுகிறது.

களுதாவளை_கொச்சி
எனக்கும் இதே பிரச்சினை! என் தோட்டத்தில் சின்ன வானிலைப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். இந்த மாதம் வெயில் கூட என்றுதான் அதுவும் காட்டுகிறது. கொச்சிக்காய்க்குத் தண்ணீர் கூட்டவேண்டுமா என்று நானே கேட்க இருந்தேன். பெட்டி லக்ஸ் கணக்கில்தான் தருகிறது. அதை 120ஆல் வகுத்தால் வாட் வரும் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்யலாமா?

படுவான்கரையான்
அண்ணன், என் பிரச்சினை வெயில் கூடினது இல்லை. பி.ஆர். என்பது வந்த வெயிலுக்கு எவ்வளவு மின்சாரம் எடுத்தோம் என்ற விகிதம். வெயில் கூடினால் மேலேயும் கீழேயும் சேர்ந்து கூடும், விகிதம் அவ்வளவாக அசையாது.

வந்தாறுமூலை_மானி
தம்பி, உங்கள் மனசு ஒப்பாதது சரியான இடத்தில்தான். பி.ஆர். ஏறினால் இரண்டு வழிதான் உண்டு. மின்சாரம் கூடியிருக்கவேண்டும், அல்லது வெயில் குறைவாக அளக்கப்பட்டிருக்கவேண்டும். கண்ணாடிக் குமிழ் அழுக்கானால், மானி சரிந்தால், லொகரில் தப்பான எண் இருந்தால், நிலையம் திடீரென்று கெட்டிக்காரன் ஆகிவிடும். சோலாரில் பழுதான மானியைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்வதில்லை. அது எல்லோருக்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கல்லடிக்காத்து சொன்னதில் பாதி சரி. காற்று பேனலைக் குளிர்விக்கும். ஆனால் ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் சுமார் 0.4 வீதம்தான் கிடைக்கும். ஐந்து புள்ளி ஏறுவதற்குப் பேனல் 15 பாகை அளவுக்குக் குளிரவேண்டும். கச்சான் என்ன நுவரெலியாவிலிருந்து வருகிற காற்றா? அது மலையிலிருந்து இறங்கிச் சுட்டுக்கொண்டு வருவது.

எனக்கு மூன்று விடயம் தேவை. ஒன்று, மாதச் சராசரி வேண்டாம், நாளுக்கு நாள் பி.ஆர். என்ன? இரண்டு, மேகமே இல்லாத நாள் ஒன்றின் மதியம் 12.10 வாக்கில் இரண்டு மானியும் காட்டினது, அப்புறம் முழுக்க மூடின நாள் ஒன்றிலும் அதே நேரத்தில் காட்டினது. மூன்று, நடுச்சாமத்தில் இரண்டும் என்ன காட்டுகின்றன?

இன்னொன்று. குமிழைச் சும்மா துடைத்துவிடாதீர்கள்! நல்ல வெயிலில், துடைக்கும் முன்பு ஒரு வாசிப்பு, துடைத்து ஒரு நிமிடம் விட்டு ஒரு வாசிப்பு. எழுதி வைத்துக்கொண்டு துடையுங்கள்.

வாவிக்கரை_பொடியன்
நடுச்சாமத்தில் வெயிலா அளக்கப் போகிறீர்கள் அண்ணே 😂

வந்தாறுமூலை_மானி
சிரியுங்கள், சிரியுங்கள். அந்த மானிக்குள் இருப்பது சோலார் செல் இல்லை. சின்ன நாணயம் அளவுக் கறுப்புத் தட்டு ஒன்று, அதன் மேல் ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு கண்ணாடிக் குமிழ். வெயில் பட்டால் கறுப்புத் தட்டு சூடாகும், கீழே உள்ள உடல் சூடாகாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வெப்ப வித்தியாசத்தை ஒரு கட்டு உலோகச் சந்திகள் மின்னழுத்தமாக மாற்றும். உச்சி வெயிலிலேயே 10 மில்லிவோல்ட் அளவுதான் வரும். அதை மானியோடு வந்த சான்றிதழில் உள்ள எண்ணால் வகுத்துத்தான் லொகர் வாட் காட்டுகிறது.

இரவில் குமிழ் திறந்த வானத்தைப் பார்த்து வெப்பத்தை இழந்து குளிரும், தட்டும் அதோடு குளிரும். அதனால் இரவில் −2, −4 என்று சைபருக்குக் கீழே காட்டும். அது நல்ல அறிகுறி, மானி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இரவு முழுக்கச் சுத்தமாக 0 என்று இருந்தால் யாரோ மென்பொருளில் சைபருக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டார்கள். பிளஸ் 15 காட்டினால் வயர் இணைப்பில் உப்பு ஏறியிருக்கும். 10 மில்லிவோல்ட் சமாச்சாரம், ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூ போதும் கணக்கைக் கெடுக்க.

படுவான்கரையான்
எடுத்து வந்துவிட்டேன்.

நாளுக்கு நாள் பார்த்தால் மெதுவாக ஏறவில்லை. 9ஆந் தேதி வரை 79 சுற்றுவட்டம். 10ஆந் தேதியிலிருந்து 84. படி வைத்தது போல இருக்கிறது.

மேகமில்லாத நாள், மதியம் 12.10: கிடை மானி 948, சாய்ந்த மானி 851.
போன வருஷம் ஜூலையில் இதே மாதிரி ஒரு நாள்: கிடை 940, சாய்ந்தது 896.
இந்த 14ஆந் தேதி முழுக்க மூடியிருந்தது: கிடை 212, சாய்ந்தது 206.
நடுச்சாமம்: கிடை −3, சாய்ந்தது −2.

துடைத்துப் பார்த்தேன். முன்பு 842, பின்பு 850. ஒரு வீதம்கூட இல்லை.

கல்லடிக்காத்து
அப்படியென்றால் அந்தச் சாய்ந்த மானி பழசாகிவிட்டது. கறுப்பு மை வெளிறியிருக்கும். புதுசு வாங்கச் சொல்லுங்கள்.

வந்தாறுமூலை_மானி
மை வெளிறுவது வருஷக்கணக்கில் நடக்கிற வேலை, ஒரே இரவில் ஐந்து வீதம் போகாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பச் சொல்வது அதற்காகத்தான். அந்தச் சங்கிலியின் மறுமுனை சுவிற்சர்லாந்தில் டாவோஸில் இருக்கிறது. உலகத்துப் பைரனோமீட்டர் எல்லாம் கடைசியில் அங்குள்ள ஆதார மானிகளோடுதான் ஒப்பிடப்படுகின்றன.

தம்பி கொண்டுவந்த எண்களே கதையைச் சொல்கின்றன. போன வருஷம் 896ஐ 940ஆல் வகுத்தால் 0.953. இந்த வருஷம் 851ஐ 948ஆல் வகுத்தால் 0.898. சாய்ந்த மானி சுமார் ஆறு வீதம் குறைவாகக் காட்டுகிறது. சரி, இனி மூடின நாளைப் பாருங்கள். 206ஐ 212ஆல் வகுத்தால் 0.97. அன்றைக்கு அந்த ஆறு வீதம் காணாமல் போய்விட்டது!

மானியின் உணர்திறன் கெட்டிருந்தால், அல்லது லொகரில் தப்பான எண் இருந்தால், எல்லா நாளும் ஒரே வீதம் குறையவேண்டும். மேகமும் வெயிலும் அதற்கு ஒன்றுதான். வெயில் நாளில் மட்டும் குறைந்து, மூடின நாளில் குறையாமல் இருக்கிறது என்றால், மானிக்குப் பிரச்சினை வெளிச்சத்தோடு இல்லை, சூரியனின் திசையோடு. மூடின நாளில் ஒளி வானம் முழுக்கப் பரவி வருகிறது, மானி கொஞ்சம் சரிந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வெயில் நாளில் பெரும்பகுதி ஒரே திசையிலிருந்து வருகிறது.

இப்போது ஜூலை மாதம். மட்டக்களப்பில் மதியம் சூரியன் உச்சியிலிருந்து 13 பாகை வடக்கே நிற்கிறது. உங்கள் பேனல் தெற்கே 10 பாகை சாய்ந்திருப்பதால் வெயில் அதில் 23 பாகை சரிவாக விழும். அந்த மானி மட்டும் இன்னும் தெற்கே சரிந்து 18 பாகை ஆனால், வெயில் 31 பாகை சரிவில் விழும். கொசைன் போட்டுப் பாருங்கள்: 0.921, 0.857. நேர் வெயிலில் ஏழு வீதம் குறைவு. பரவல் ஒளியையும் சேர்த்தால் ஆறு வீதம். உங்கள் எண் அச்சாகப் பொருந்துகிறது.

என் ஊகம், மானியின் தாங்கி சுமார் 8 பாகை தெற்கே தொங்கியிருக்கிறது. நீர்மட்டக் குமிழை நம்பவேண்டாம், சாய்ந்த மானிக்கு அது உதவாது. போனில் சாய்வு பார்க்கும் செயலியைப் போட்டுப் பேனல் சட்டத்தில் ஒருமுறை, தாங்கியில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். போனில் பிழை இருந்தாலும் இரண்டிலும் ஒரே பிழைதான் இருக்கும், வித்தியாசம் சரியாக வரும்.

படுவான்கரையான்
அண்ணே... உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும்.

பேனல் 9.8. தாங்கி 17.5.

கழுவ வந்த பொடியன்களில் ஒருவனைப் பிடித்து விசாரித்தேன். கண்ணாடியைத் தொடக்கூடாது என்று நாங்கள் சொல்லி வைத்திருந்தோம், அவன் தொடவில்லை. ஆனால் தண்ணீர் ஹோஸ் தரையில் கிடந்தால் சேறாகிறது என்று அதைச் சுருட்டித் தாங்கிக் கம்பியில் கொளுவி வைத்திருக்கிறான். தண்ணீர் நிறைந்த ஹோஸ். நட்டு அப்படியே இளகி இறங்கியிருக்கிறது. கண்ணாடி மட்டும் பளபள என்று இருக்கிறது, அவனைக் குறைசொல்லவும் முடியவில்லை.

சம்மாந்துறை_வயல்காரன்
இந்த இழையை நேற்றிரவு முழுக்க வாசித்தேன். சோலார் எனக்குத் தெரியாது, வேளாண்மைதான். ஆனால் ஒரு கேள்வி. நாங்கள் பெரும்போகத்தில் கதிர் வரும் நேரம் பார்த்து வானம் மூடிக்கொண்டால் பதர் கூடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போன பெரும்போகம் எனக்கு ஏக்கருக்கு அஞ்சாறு மூடை குறைந்தது. பசளை போடவில்லை என்று ஒரு கட்சி, மழை இருட்டு என்று ஒரு கட்சி. இந்த மானியின் கணக்கு இருந்தால் எது என்று சொல்லலாமா?

வந்தாறுமூலை_மானி
காக்கா, முழுசாகச் சொல்லமுடியாது, ஆனால் ஒரு கட்சியின் வாயை அடைக்கலாம். நெல்லுக்குக் குடலைப் பருவத்திலிருந்து பால்பிடித்து முற்றும் வரை வருகிற வெயில்தான் மணியை நிரப்புகிறது. அதற்கு முன்னால் ஒரு வாரம் இருண்டால் பயிர் ஓரளவு ஈடுசெய்துவிடும். சிறுபோகத்தில் தண்ணீர் மட்டும் ஒழுங்காகக் கிடைத்தால் பெரும்போகத்தை விட விளைச்சல் நல்லா வருவதற்கு இந்த வெயிலும் ஒரு காரணம்.

உங்கள் வயலில் கதிர் வந்த திகதி தெரிந்தால், அதற்கு முன்னும் பின்னுமான ஐந்து வாரத்துக்கு நாளாந்தக் கதிர்வீச்சைக் கூட்டி, முந்தைய போகங்களின் அதே வாரங்களோடு ஒப்பிடுங்கள். வெயில் வழமை போலவே இருந்தால் மழை இருட்டைக் குறைசொல்லமுடியாது, பசளை, பூச்சி பக்கம் பார்க்கவேண்டும். வெயில் கால்வாசி குறைந்திருந்தால் பசளைக் கட்சி கொஞ்சம் பொறுத்துப் பேசவேண்டும். ஆனால் ஒரு போகத்துக் கணக்கு மட்டும் கையில் இருந்தால் ஒன்றும் சொல்லமுடியாது, பழைய போகங்களும் வேண்டும்.

கல்லடிக்காத்து
பழைய கணக்குக்கு மானி எதற்கு? நாசாவின் இணையத்தளத்தில் எந்த ஊருக்கும் நாளாந்த வெயில் சும்மா கிடைக்கிறது. செய்மதியிலிருந்து எடுப்பது.

வந்தாறுமூலை_மானி
கிடைக்கிறது, நானும் பாவிக்கிறேன். காக்காவின் கேள்விக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்ளலாம், ஐந்து வாரக் கூட்டு பார்ப்பதற்குத்தானே. ஆனால் அதில் வெயிலுக்கான ஒரு கட்டம் ஒரு பாகைக்கு ஒரு பாகை, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீள அகலம். கடல், வாவி, வயல், உள்ளே காடு எல்லாவற்றுக்கும் ஒரே எண். மத்தியானத்துக்குப் பிறகு உள்நாட்டில் இடி மேகம் கட்டிக் கரையில் வெயில் எரிகிற நாள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? மாதச் சராசரிக்குச் சரி, ஒரு நாளைக்கு ஒரு தோட்டத்துக்கு என்றால் நான் கை வைக்கமாட்டேன்.

களுதாவளை_கொச்சி
என்னை மறந்துவிட்டீர்கள். கொச்சிக்காய் வாடுகிறது!

வந்தாறுமூலை_மானி
மறக்கவில்லை அண்ணன். 120ஆல் வகுப்பது வெயில் வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்டச் சரி. உங்கள் பெட்டிக்குள் இருப்பது சிலிக்கன் கண். அது வெயிலின் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிப் பார்க்காது, மேக நாளில் கொஞ்சம் வழுக்கும். தண்ணீர்க் கணக்குக்கு அந்தப் பிழை பரவாயில்லை.

நாள் முழுக்கக் கூட்டினால் உங்களுக்கு இப்போது சதுர மீட்டருக்கு 6.1 கிலோவாட் மணி வருகிறது என்று வைப்போம். 3.6ஆல் பெருக்கினால் 22 மெகாஜூல். பச்சைப் பயிர் அதில் கால்வாசியைத் திருப்பி அனுப்பிவிடும், மிச்சம் 17. அதில் 4 அளவு வெப்பமாக வானத்துக்குப் போகும். மிச்சம் 13. ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாக 2.45 மெகாஜூல் வேண்டும். ஆக வெயில் மட்டுமே 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடக் குடிக்கக்கூடியது.

ஆனால் உங்கள் கொச்சி வாடுவது வெயிலால் மட்டும் என்று நினைக்கவில்லை. வெயில் மானிக்குக் கச்சான் தெரியாது. காய்ந்த சுடுகாற்று அதே வெயிலில் இன்னும் ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உறிஞ்சும். உங்கள் பெட்டி காற்றும் ஈரப்பதனும் காட்டுமென்றால் அதையும் பாருங்கள். மணல் நிலம் வேறு, ஒரேயடியாக ஊற்றாமல் காலையும் மாலையும் பிரித்து விடுங்கள்.

களுதாவளை_கொச்சி
பெட்டியைத் தென்னை மரத்துக்கு மேற்குப் பக்கம் வைத்திருக்கிறேன். காலையில் பத்து மணி வரை நிழல். அது பிரச்சினையா?

வாவிக்கரை_பொடியன்
அண்ணே 😭

வந்தாறுமூலை_மானி
முதலில் அதை நகர்த்துங்கள், பிறகு கணக்குப் பார்ப்போம்.

படுவான்கரையான்
நான் திரும்பவும் வந்திருக்கிறேன். தாங்கியைப் பேனல் சட்டத்தோடு சரிபார்த்து 9.8க்குக் கொண்டுவந்து இரண்டாவது நட்டும் போட்டு இறுக்கினேன். மேலாளரிடம் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. ஜூலை 10 முதல் இன்றுவரை உள்ள எண்ணை அப்படியே விடு, யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார். திருத்தவேண்டுமா? 15ஆந் தேதிக் கணக்கு இப்படி இருக்கிறது:

```
PR = 4700 / (1000 × 5.60) = 0.839
PR = 4700 / (1000 × 5.95) = 0.790
```

மேலே உள்ளது மானி சொன்னது. கீழே உள்ளது நான் கிடை மானியிலிருந்து பின்னோக்கிக் கணித்தது.

கல்லடிக்காத்து
மேலாளர் சொல்வதுபோல விடுங்கள். ஒரு மாதம்தானே. நான் என்றால் வேலையைத்தான் பார்ப்பேன்.

வந்தாறுமூலை_மானி
நான் என்றால் விடமாட்டேன். மூலத் தரவை அழிக்காமல் வைத்து, பக்கத்தில் திருத்திய நிரல் ஒன்று, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, ஏன் என்று ஒரு குறிப்பு. அடுத்த ஜூலையில் யாராவது இந்த ஜூலையோடு ஒப்பிடுவார்கள். 84இலிருந்து 79க்கு வீழ்ந்துவிட்டது என்று பேனல் கம்பனியோடு சண்டைக்குப் போவார்கள்.

இன்னொரு விடயம். தாங்கியை அப்படியே விட்டிருந்தால் மேலாளரின் சந்தோஷமும் நிலைத்திருக்காது. சூரியன் தெற்கே போகப் போக இந்தப் பிழை சுருங்கி, ஒக்டோபர் 10 வாக்கில் மதியக் கணக்கில் இல்லாமலே போய், பிறகு தலைகீழாகத் திரும்பும். மார்கழியில் சூரியன் 31 பாகை தெற்கே. அப்போது 18 பாகை சரிந்த மானி பேனலை விட நாலு வீதம் கூடக் காட்டும். பி.ஆர். அநியாயத்துக்கு இறங்கும். அதுவும் மழைக்காலம், எல்லோரும் மழையைத்தான் திட்டியிருப்பார்கள்.

சம்மாந்துறை_வயல்காரன்
பசளைக் கட்சி, மழைக் கட்சி மாதிரித்தான் 😄

படுவான்கரையான்
சரி, திருத்திய நிரல் போடுகிறேன். மேலாளருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் புதுத் தலைவலி. நட்டை இறுக்கி நாலு நாள் ஆகிறது. நான் எதிர்பார்த்தது 79. வருவது 77.6. ஜூனில் 79.3 இருந்தது, நடுவில் கழுவியும் விட்டோம். கூட வேண்டும், குறைந்திருக்கிறது.

கல்லடிக்காத்து
பார்த்தீர்களா, கச்சான் புழுதி. கழுவி இரண்டு கிழமை ஆகிவிட்டதே.

வந்தாறுமூலை_மானி
புழுதியாகவும் இருக்கலாம், இந்தமுறை அவர் சொல்வதைத் தள்ளிவிடமாட்டேன். சாய்வு இன்னும் சரியில்லையா என்றும் பாருங்கள். இந்த மாதத்தில் ஒரு பாகை பிசகினால் முக்கால் வீதம் வரும், 1.7 வருவதற்கு இரண்டு பாகைக்கு மேல் வேண்டும். போன் அவ்வளவு பொய் சொல்லாது.

எனக்கு வேறு ஒரு பயம். உங்கள் நிலையத்தில் ஒரு ஸ்ட்ரிங் எத்தனை பேனல்?

படுவான்கரையான்
20 பேனல், 450 வாட். 9 கிலோவாட்.

வந்தாறுமூலை_மானி
இரண்டு ஸ்ட்ரிங் செத்தால் 18 கிலோவாட். 1,000இல் 1.8 வீதம். கழுவின அன்று தண்ணீர் அடித்த வேகத்தில் கனெக்டர் ஏதாவது போயிருந்தால், 84 என்ற எண்ணுக்குப் பின்னால் அது பத்து நாளாக ஒளிந்திருந்திருக்கும். நிச்சயமாகச் சொல்லவில்லை, போய்ப் பார்க்கவேண்டிய இடம் என்கிறேன்.

படுவான்கரையான்
இன்வெட்டர் திரையில் ஸ்ட்ரிங் ஸ்ட்ரிங்காகக் காட்டாது, இரண்டு இரண்டாகச் சேர்த்துத்தான் காட்டும். காலையில் கிளாம்ப் மீட்டரோடு வரிசை வரிசையாகப் போகிறேன். ஹோஸ் கொளுவின அந்த ஓரத்திலிருந்தே தொடங்குகிறேன்.